ஐந்து கார்பன், எட்டு ஆல்கஹால்

பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று பார்க்கும் பழைய முறைக்குக் கெர்பர் சோதனை என்று பெயர். பால் சொசைட்டிகளில் மின்னணுக் கருவிகள் வந்த பிறகும் சந்தேகம் வந்தால் இதைத்தான் நாடுகிறார்கள். கழுத்து ஒடுங்கிய ஒரு கண்ணாடிக் குழாயில் முதலில் 10 மில்லிலிட்டர் கந்தக அமிலம், அதன் மேல் 10.75 மில்லிலிட்டர் பால், கடைசியாக 1 மில்லிலிட்டர் அமைல் ஆல்கஹால். மூடிக் குலுக்கி இயந்திரத்தில் சுழற்றினால் கொழுப்பு மட்டும் பிரிந்து, அளவுக்கோடு போட்ட கழுத்தில் ஏறி நிற்கும். எத்தனையாவது கோடு வரை நிற்கிறதோ, அத்தனை சதவீதம் கொழுப்பு.

அந்தக் கடைசி ஒரு மில்லிலிட்டரில்தான் விஷயம் இருக்கிறது. அமைல் ஆல்கஹால் என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. அதன் வாய்பாடு C5H11OH. அந்த வாய்பாட்டுக்குப் பொருந்தும் ஆல்கஹால்கள் மொத்தம் எட்டு. கெர்பர் சோதனைக்கு ஆகி வருவது அவற்றில் குறிப்பிட்ட இரண்டின் கலவைதான். எட்டில் இன்னொன்று இருக்கிறது. அது அந்தப் புட்டியில் கலந்துவிட்டால் அடர்ந்த அமிலம் அதிலிருந்து தண்ணீரை உருவிவிடும். மிஞ்சுகிற எண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பன் கொழுப்போடு சேர்ந்து கழுத்தில் ஏறிக்கொள்ளும். தண்ணீர்ப் பாலும் கொழுப்புப் பாலாகக் கணக்கில் வரும். ஒரே வாய்பாடு, ஒரே அணுக்கள், ஒரே எடை. ஆனால் அணுக்கள் கோத்த விதம் வேறு. இப்படிப்பட்டவற்றை மாற்றியங்கள் என்கிறோம். கோக்கும் வரிசையே மாறினால் அமைப்பு மாற்றியங்கள்.

எட்டு என்று சொல்லிவிட்டேன். அது ஏன் ஏழு இல்லை, ஏன் ஒன்பது இல்லை? பதினோராம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கொடுத்தால் விடைத்தாள்களில் ஆறு வரும், பத்து வரும், பன்னிரண்டும் வரும். ஆறு எழுதியவர் சிலவற்றை விட்டிருப்பார். பன்னிரண்டு எழுதியவர் ஒன்றையே இரண்டு மூன்று தடவை வரைந்திருப்பார். இருவரும் செய்த தப்பு ஒன்றேதான்: தோன்றிய இடத்தில் தொடங்கி, தோன்றியபடி வரைந்துகொண்டே போனது. இன்னும் ஏதாவது தோன்றுகிறதா என்று யோசித்து, தோன்றாதபோது நிறுத்தினால் அது எண்ணிக்கை ஆகாது. வேறு வழியே இல்லை என்று காட்டிவிட்டு நிறுத்த வேண்டும்.

இதற்கு முதலில் ஆல்கஹாலை மறந்துவிட வேண்டும். ஆக்சிஜன் இல்லாத ஆல்கேனிலிருந்து, அதாவது C5H12-இலிருந்து தொடங்க வேண்டும். அதிலும் ஹைட்ரஜனை மறந்துவிடலாம். கார்பனுக்கு நான்கு கை. கார்பன்களைக் கோத்த பிறகு காலியாக இருக்கிற கைகளில் எல்லாம் ஹைட்ரஜன் தானாக வந்து உட்காரும். வளையம் இல்லாமல், இரட்டைப் பிணைப்பு இல்லாமல் ஐந்து கார்பனை எப்படிக் கோத்தாலும் ஹைட்ரஜன் சரியாகப் பன்னிரண்டுதான் வரும். ஆக, உண்மையான கேள்வி: ஐந்து கார்பனை எத்தனை விதமாகக் கோக்கலாம்?

நீண்ட சங்கிலியைப் பிடித்துக்கொள்வதுதான் வழி. ஐந்தும் ஒரே வரிசையில் நிற்பது முதலாவது.

```
C-C-C-C-C
```

இது பென்டேன். இங்கேதான் முதல் ஏமாற்றம் காத்திருக்கிறது. கடைசிக் கார்பனைக் கீழே மடக்கி, `ட` போல வரைந்துவிட்டு, "சார், இது புதுசுதானே?" என்று கேட்காத வகுப்பு இல்லை. மேசையில் கிடக்கும் கயிற்றை நீட்டிப் போட்டாலும் வளைத்துப் போட்டாலும் கயிறு அதேதான். ஒரு நுனியில் விரலை வைத்து, பின்னால் திரும்பாமல் மறு நுனி வரை போய்க்கொண்டே இருங்கள். விரல் எத்தனை கார்பனைத் தொட்டதோ, அதுவே சங்கிலியின் நீளம். தாளில் அது நேராக இருக்கிறதா, கோணலாக இருக்கிறதா என்பது மூலக்கூறுக்குத் தெரியாது. அறை வெப்பத்தில் அது தன் ஒற்றைப் பிணைப்புகளைச் சுற்றி ஓயாமல் முறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, நீண்ட சங்கிலி நான்காக இருக்கட்டும். ஒரு கார்பன் மிச்சம். அதை எங்கே மாட்டுவது? நுனியில் மாட்டினால் சங்கிலி ஐந்தாகி, முன்பு வரைந்ததே திரும்ப வந்துவிடும். எனவே உள்ளே இருக்கிற இரண்டில் ஒன்றில்தான் மாட்ட வேண்டும். இடமிருந்து இரண்டாவதில் மாட்டினாலும் மூன்றாவதில் மாட்டினாலும், தாளைத் திருப்பினால் இரண்டும் ஒன்றே. ஆக, ஒரே ஒரு வழி.

```
C-C-C-C
  |
  C
```

இது 2-மெத்தில்பியூட்டேன். கடைக்காரர்களும் ஆய்வகத்தாரும் ஐசோபென்டேன் என்பார்கள்.

இனி நீண்ட சங்கிலி மூன்று. இரண்டு கார்பன் மிச்சம். மூன்றில் நுனி அல்லாதது நடுக்கார்பன் ஒன்றுதான். மிச்சமுள்ள இரண்டையும் அங்கேயே, மேலே ஒன்று கீழே ஒன்றாக மாட்ட வேண்டும்.

```
  C
  |
C-C-C
  |
  C
```

இது 2,2-டைமெத்தில்புரப்பேன்; பழைய பெயர் நியோபென்டேன். இரண்டு கார்பனையும் ஒன்றன் பின் ஒன்றாகச் சேர்த்து, எத்தில் தொகுதியாக நடுவில் தொங்கவிட்டால் என்ன? சிலர் அதை வரைந்து 2-எத்தில்புரப்பேன் என்று பெயரும் வைத்துவிடுவார்கள். விரலை வையுங்கள். எத்திலின் நுனியில் தொடங்கி நடுக்கார்பன் வழியாக ஒரு பக்க நுனிக்குப் போனால் நான்கு கார்பன் வரும். சங்கிலி மூன்று என்று சொன்னதே பொய்யாகிவிட்டது; அது முன்பு வரைந்த 2-மெத்தில்பியூட்டேன்தான். கிளையை மாட்டும்போது ஒரு விதி மனத்தில் இருந்தால் போதும்: நுனியிலிருந்து இரண்டாவது கார்பனில் தொங்கும் கிளை ஒரு கார்பனுக்கு மேல் நீளக் கூடாது, மூன்றாவதில் தொங்குவது இரண்டுக்கு மேல் நீளக் கூடாது.

நீண்ட சங்கிலி இரண்டு என்றால் இரண்டுமே நுனி. எதை மாட்டினாலும் சங்கிலி நீண்டுவிடும். எனவே கதவு மூடிவிட்டது: ஐந்து, நான்கு, மூன்று, அவ்வளவுதான். ஆல்கேன்கள் மூன்று.

இது சரிதானா என்று வேறு ஒரு பக்கத்திலிருந்தும் பார்த்துவிடலாம். ஐந்து கார்பனைக் கோக்க நான்கு பிணைப்பு வேண்டும். ஒவ்வொரு கார்பனுக்கும் பக்கத்தில் எத்தனை கார்பன் என்று எண்ணிக் கூட்டினால், ஒரு பிணைப்பு இரண்டு தடவை கணக்கில் வருவதால் கூட்டுத்தொகை எட்டு. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு பக்கத்துக் கார்பனாவது இருக்கும். அதில் ஐந்து போய்விட்டது. மிச்சம் மூன்று. அந்த மூன்றையும் ஒரே கார்பனுக்குக் கொடுக்கலாம், இரண்டும் ஒன்றுமாகப் பிரிக்கலாம், ஒன்று ஒன்றாக மூவருக்குக் கொடுக்கலாம். முதலாவது நியோபென்டேன், இரண்டாவது ஐசோபென்டேன், மூன்றாவது பென்டேன். இங்கும் மூன்றுதான். ஆனால் இந்தக் கணக்கை ஆறு கார்பனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே 2-மெத்தில்பென்டேனுக்கும் 3-மெத்தில்பென்டேனுக்கும் ஒரே பங்கீடுதான் வரும். இரண்டு வேறு பொருள்களை ஒன்று என்று சொல்லிவிடும். ஐந்து வரை மட்டுமே இதை நம்பலாம்.

மூன்றும் வெறும் தாள் வேறுபாடு அல்ல. பென்டேன் 36 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஐசோபென்டேன் 28-இல், நியோபென்டேன் 9.5-இல். ஊட்டியில் ஒரு மாலைப் பொழுதில் முதல் இரண்டையும் புட்டியில் திரவமாகவே வைத்திருக்கலாம். சென்னையின் கத்திரி வெயிலில் வெளியே வைத்தால் இரண்டுமே கொதித்துப் போகும். நியோபென்டேன் இரண்டு ஊரிலுமே வாயுதான். கிளை கூடக்கூட மூலக்கூறு உருண்டையாகிறது. ஒன்றையொன்று உரசும் பரப்பு குறைகிறது. பிடிப்பு தளர்ந்து சீக்கிரம் கொதிக்கிறது.

இப்போது ஆல்கஹாலுக்கு வரலாம். ஆல்கேனில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் OH வைத்தால் ஆல்கஹால். அப்படியானால் எலும்புக்கூடு மூன்றைத் தவிர வேறு கிடையாது. ஒவ்வொன்றிலும் OH உட்கார எத்தனை வேறுபட்ட இடங்கள் இருக்கின்றன என்பதுதான் கேள்வி. வேறுபட்ட என்ற சொல்லில்தான் பாதிப் பேர் வழுக்குகிறார்கள். பென்டேனில் பன்னிரண்டு ஹைட்ரஜன் இருக்கிறது. அதற்காகப் பன்னிரண்டு ஆல்கஹால் இல்லை.

OH-ஐக் கையில் எடுக்கும் முன்பே எலும்புக்கூட்டில் எந்தெந்தக் கார்பன்கள் ஒன்றுக்கொன்று சமம் என்று எண் போட்டுவிடுங்கள். சமமானவற்றுக்கு ஒரே எண். சமமா என்று எப்படித் தெரியும்? அந்தக் கார்பனில் நின்றுகொண்டு மூலக்கூறைப் பாருங்கள். எந்தத் திசையில் எத்தனை கார்பன், அவற்றில் எங்கே கிளை என்று சொல்லுங்கள். இரண்டு கார்பனிலிருந்து ஒரே காட்சி தெரிந்தால் இரண்டும் சமம்.

```
1-2-3-2-1
```

பென்டேனில் இரண்டு நுனியும் சமம். அடுத்தவை இரண்டும் சமம். நடு மட்டும் தனி. மூன்று இடம், மூன்று ஆல்கஹால்.

```
HO-C-C-C-C-C      C-C-C-C-C      C-C-C-C-C
                    |                |
                    OH               OH
```

முறையே பென்டன்-1-ஆல், பென்டன்-2-ஆல், பென்டன்-3-ஆல். பென்டன்-4-ஆல் என்று ஒன்று கிடையாது. மறுபக்கத்திலிருந்து எண்ணினால் அது பென்டன்-2-ஆல்.

ஐசோபென்டேன்தான் இந்தக் கணக்கின் கஷ்டமான பகுதி. தவறு நடப்பதெல்லாம் இங்கேதான். எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

```
1-2-3-4
  |
  1
```

இடது நுனிக்கும் கீழே தொங்குவதற்கும் ஒரே எண் போட்டிருக்கிறேன். தாளில் ஒன்று சங்கிலியின் பகுதி போலவும் மற்றது கிளை போலவும் தெரிகிறது. அது நாம் வரைந்த விதம். இரண்டும் ஒரே கார்பனில் தொங்கும் இரண்டு மெத்தில்கள். எதைச் சங்கிலி, எதைக் கிளை என்று சொல்வதும் நம் இஷ்டம். இடது நுனியில் OH வைத்து ஒன்று, கீழே தொங்குவதில் OH வைத்து ஒன்று என்று வரைந்தால் ஒரே பொருளை இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள்.

நேர்மாறான தப்பும் உண்டு. இடது நுனி, வலது நுனி இரண்டும் நுனிதானே, சமமாகத்தான் இருக்கும் என்று வலது நுனியை விட்டுவிடுவது. பென்டேனில் பழகிய கை இங்கேயும் அதையே செய்கிறது. ஆனால் எண் 1-இல் நின்று பார்த்தால் பக்கத்திலேயே கிளை பிரியும் கார்பன். எண் 4-இல் நின்று பார்த்தால் பக்கத்தில் கிளையில்லாத ஒரு கார்பன், அதைத் தாண்டித்தான் கிளை. காட்சி வேறு, எனவே இடமும் வேறு. ஆக, நான்கு ஆல்கஹால்.

```
HO-C-C-C-C
     |
     C
```

2-மெத்தில்பியூட்டன்-1-ஆல்.

```
  OH
  |
C-C-C-C
  |
  C
```

2-மெத்தில்பியூட்டன்-2-ஆல். கெர்பர் புட்டியில் இருக்கக் கூடாதது என்று மேலே சொன்னது இதைத்தான்.

```
    OH
    |
C-C-C-C
  |
  C
```

இதன் பெயர் 3-மெத்தில்பியூட்டன்-2-ஆல். படத்தில் கிளை இரண்டாவதிலும் OH மூன்றாவதிலும் தெரிகிறது. பெயரில் எண்கள் மாறிவிட்டன. OH இருக்கும் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும் என்பது பெயரிடும் விதி; அது சின்ன எண்ணை வாங்கிக்கொள்ளும், மெத்தில் கிடைத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

```
C-C-C-C-OH
  |
  C
```

3-மெத்தில்பியூட்டன்-1-ஆல். ஐசோஅமைல் ஆல்கஹால் என்ற பழைய பெயரில்தான் இது பிரபலம். சாராயம் வடிக்கும்போது மிஞ்சும் ஃபியூசல் எண்ணெயில் இதுதான் அதிகம். இதை அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்தால் வாழைப்பழ வாசனை தரும் எஸ்டர் கிடைக்கும். கெர்பர் சோதனைக்கு வேண்டிய இரண்டில் இது ஒன்று, 2-மெத்தில்பியூட்டன்-1-ஆல் மற்றது.

மிச்சம் நியோபென்டேன். நடுக்கார்பனின் நான்கு கைகளும் கார்பன்களைப் பிடித்துவிட்டன. அங்கே ஹைட்ரஜனே இல்லை, OH-க்கும் இடமில்லை. அவசரத்தில் அதில் OH-ஐச் சொருகி ஐந்து கை உள்ள கார்பனை வரைபவர்கள் உண்டு. சுற்றியுள்ள நான்கும் ஒன்றுக்கொன்று சமம். ஆக, ஒரே ஆல்கஹால்.

```
     C
     |
HO-C-C-C
     |
     C
```

2,2-டைமெத்தில்புரப்பன்-1-ஆல். மற்ற ஏழும் அறை வெப்பத்தில் திரவம். இது மட்டும் திண்மம், ஏறத்தாழ 53 டிகிரியில்தான் உருகும்.

மூன்று, நான்கு, ஒன்று. மொத்தம் எட்டு.

இத்தோடு பேனாவை மூடலாம்தான். ஆனால் ஒரே முறையில் இரண்டாம் தடவை எண்ணினால் முதல் தடவை வழுக்கிய இடத்திலேயே மறுபடியும் வழுக்குவோம். அதனால் எலும்புக்கூட்டையே பார்க்காமல் எண்ணும் இன்னொரு வழியைச் சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹென்ஸியும் பிளேரும் 1931-இல் ஆல்கஹால்களை எண்ணி அட்டவணை போட்டது இந்த வழியில்தான்.

OH பிடித்திருக்கிற கார்பனை நடுவில் வையுங்கள். ஒரு கை OH-க்குப் போய்விட்டது, மூன்று கை மிச்சம். மீதி நான்கு கார்பனை அந்த மூன்று கைகளில் பங்கிட வேண்டும். கார்பன் கிடைக்காத கையில் ஹைட்ரஜன். நான்கையும் ஒரே கையில் கொடுக்கலாம். மூன்றும் ஒன்றுமாக இரண்டு கைகளில் கொடுக்கலாம். இரண்டும் இரண்டுமாகக் கொடுக்கலாம். இரண்டு, ஒன்று, ஒன்று என்று மூன்று கைகளிலும் கொடுக்கலாம். நான்கைப் பங்கிட வேறு வழி கிடையாது.

இனி ஒரு கையில் தொங்கும் கார்பன்கள் எத்தனை விதமாக இருக்கும் என்று தெரிந்தால் போதும். ஒரு கார்பன் என்றால் மெத்தில், ஒரே விதம். இரண்டு என்றால் எத்தில், ஒரே விதம். மூன்று என்றால் நேரான புரப்பில், நடுவில் பிடிக்கும் ஐசோபுரப்பில் என இரண்டு விதம். நான்கு என்றால் பியூட்டில். அதில் நேரானது, ஐசோ, ஈரிணையம், மூவிணையம் என நான்கு விதம்.

நான்கும் ஒரே கையில் என்றால் நான்கு ஆல்கஹால். மூன்றும் ஒன்றும் என்றால் இரண்டு விதம் தரம் ஒரு விதம், இரண்டு ஆல்கஹால். இரண்டும் இரண்டும் என்றால் ஒன்று. இரண்டு, ஒன்று, ஒன்று என்றால் ஒன்று. கூட்டினால் எட்டு. முதல் வழியில் மூன்று, நான்கு, ஒன்று என்று வந்தது. இந்த வழியில் நான்கு, இரண்டு, ஒன்று, ஒன்று என்று வருகிறது. பிரிவுகள் வெவ்வேறு, தொகை ஒன்றே. இரண்டு வழிகளிலும் ஒரே தப்பு நடந்து தொகை பொருந்துவது அபூர்வம்.

இந்தக் கணக்கில் இன்னொரு லாபமும் இருக்கிறது. OH பிடித்த கார்பனுக்கு ஒரு பக்கத்துக் கார்பன் மட்டும் இருந்தால் ஓரிணைய ஆல்கஹால், இரண்டு இருந்தால் ஈரிணையம், மூன்று இருந்தால் மூவிணையம். எனவே எட்டில் ஓரிணையம் நான்கு, ஈரிணையம் மூன்று, மூவிணையம் ஒன்று என்று கையோடு கிடைத்துவிடுகிறது. கந்தக அமிலத்துக்கு முன்னால் உடனே தண்ணீரை விட்டுக்கொடுப்பது அந்த ஒற்றை மூவிணையம்தான். வரைந்த எட்டுப் படங்களிலும் போய் இந்த 4, 3, 1 வருகிறதா என்று சரிபாருங்கள். எட்டு என்ற தொகை சரியாக வந்து, உள்ளே ஒன்று விட்டுப்போய் இன்னொன்று இரண்டு தடவை வந்திருந்தால் இந்தச் சோதனை பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு படங்கள் ஒன்றா வேறா என்ற சந்தேகம் அப்போதும் தீராவிட்டால் பெயர்தான் நீதிபதி. மிக நீண்ட சங்கிலி, OH-க்குச் சின்ன எண் என்ற விதிப்படி இரண்டுக்கும் முறைப்படி பெயர் வையுங்கள். பெயர் ஒன்றானால் பொருளும் ஒன்று. ஒரு நிபந்தனை: பெயரை விதிப்படி வைத்திருக்க வேண்டும். பென்டன்-4-ஆல், 3-மெத்தில்பியூட்டேன், 2-எத்தில்புரப்பேன் என்றெல்லாம் படத்தைப் பார்த்தபடியே பெயர் வைத்தால் நீதிபதியும் ஏமாந்துபோவார்.

கேள்வித்தாளில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். C5H11OH என்றோ ஐந்து கார்பன் ஆல்கஹால் என்றோ கேட்டால் எட்டு. C5H12O என்று மட்டும் கேட்டால் ஆக்சிஜன் இரண்டு கார்பன்களுக்கு நடுவிலும் உட்காரலாம், அவை ஈதர்கள். ஒரு பக்கம் மெத்தில், மறுபக்கம் பியூட்டில் என்றால் நான்கு. ஒரு பக்கம் எத்தில், மறுபக்கம் புரப்பில் என்றால் இரண்டு. இந்த ஆறையும் சேர்த்து விடை பதினான்கு. மூலக்கூறு வாய்பாட்டுக்கும் ஆல்கஹாலுக்கும் இடையில் உள்ள இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் மதிப்பெண்ணை விட்டவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு எல்லையும் உண்டு. இந்த எட்டில் மூன்று ஆல்கஹால்களில் ஒரு கார்பனின் நான்கு கைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இருக்கின்றன: பென்டன்-2-ஆல், 2-மெத்தில்பியூட்டன்-1-ஆல், 3-மெத்தில்பியூட்டன்-2-ஆல். இவை ஒவ்வொன்றும் வலக்கை இடக்கை போல, கண்ணாடிப் பிம்பமாக இரண்டு வடிவங்களில் இருக்கும். ஃபியூசல் எண்ணெயிலிருந்து ஒளியைச் சுழற்றும் அமைல் ஆல்கஹாலையும் சுழற்றாததையும் 1855-இல் லூயி பாஸ்டர் பிரித்துக் காட்டினார். அவர் பிரித்த சுழற்றும் ஆல்கஹால் இதே 2-மெத்தில்பியூட்டன்-1-ஆல்தான். பிம்பங்களையும் தனித்தனியாக எண்ணினால் எட்டு பதினொன்றாகும். ஆனால் பிம்பங்களில் அணுக்கள் கோத்த வரிசை மாறவில்லை. அமைப்பு மாற்றியம் என்று கேட்டால் அவற்றைச் சேர்க்கக் கூடாது.

ஐந்து கார்பனில் இவ்வளவு கவனம் எதற்கு என்று தோன்றலாம். ஆங்கிலக் கணித மேதை ஆர்தர் கெய்லி 1875-இல் ஆல்கேன் மாற்றியங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். பதினொரு கார்பன் வரை எல்லாம் சரி. பன்னிரண்டுக்கு 357 என்றார். சரியான விடை 355. பதின்மூன்றுக்கு 799 என்றார், சரியானது 802. ஒன்றில் கூடிவிட்டது, ஒன்றில் குறைந்துவிட்டது. இருமுறை எண்ணுதல், விடுதல் இரண்டும் அவரையும் விடவில்லை. 1937-இல் ஜார்ஜ் போல்யா சமச்சீரைக் கணக்கில் எடுத்து எண்ணும் ஒரு பொதுத் தேற்றத்தைக் கொடுத்தார். எண் 1, எண் 1 என்று இரண்டு மெத்தில்களுக்கும் நாம் போட்ட அடையாளம்தான் அந்தத் தேற்றத்திலும் வேலை செய்கிறது. அவர் அதை எத்தனை கார்பனுக்கும் பொருந்தும்படி இயற்கணிதமாக எழுதிவிட்டார்.

கையில் தாள் இருந்தால் ஆறு கார்பனை முயன்று பாருங்கள். ஆல்கேன்கள் ஐந்து, ஆல்கஹால்கள் பதினேழு. எலும்புக்கூடு வழியில் எண்ணினால் 3, 5, 4, 3, 2 என்று வர வேண்டும். பங்கிடும் வழியில் ஓரிணையம் 8, ஈரிணையம் 6, மூவிணையம் 3. இரண்டில் ஒன்று பொருந்தவில்லை என்றால் முதலில் 2-மெத்தில்பென்டேனைத் திரும்பப் பாருங்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.